அரசாணை முதல் குறிப்பாணை வரை: ஒரு கோப்பின் வழி

அரசு அலுவலகத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வடிவம் உண்டு. தமிழ்நாட்டு அலுவலகங்களில் கடிதம், நேர்முகக் கடிதம், அலுவல் சார்பற்ற குறிப்பு, அரசாணை, செயல்முறைகள், சுற்றறிக்கை, குறிப்பாணை என்பவை அன்றாடப் புழக்கத்தில் இருப்பவை. தில்லியில் இவற்றோடு அலுவலகக் குறிப்பாணையும் சேரும். எதை எந்த வடிவத்தில் அனுப்புவது என்பதை மூன்று கேள்விகள் முடிவு செய்கின்றன. யார் யாருக்கு எழுதுகிறார்? அதைப் பெற்றவர் அந்தத் தாளை வைத்து என்ன செய்யலாம்? பிறகு தணிக்கையோ நீதிமன்றமோ கேட்டால் யார் பதில் சொல்வது? ‘இந்தப் பணியிடங்களை இன்னும் ஓராண்டு தொடரலாம்’ என்பதைத் துறைத் தலைவர் கடிதத்தில் எழுதினால் அது வேண்டுகோள். துறைச் செயலாளர் நேர்முகக் கடிதத்தில் எழுதினால் நல்ல சேதி. அரசாணையில் வந்தால்தான் கருவூலத்தில் பணம் கிடைக்கும்.

இந்த வடிவங்கள் எல்லாம் தலைகாட்டும் கோப்பு ஒன்று உண்டென்றால், அது தற்காலிகப் பணியிடங்களுக்கான தொடர் நீட்டிப்புக் கோப்புதான். அரசு புதிதாகத் தோற்றுவிக்கும் பணியிடங்களில் பல, குறிப்பிட்ட நாள் வரைக்கும் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. அந்த நாள் கடந்ததும் பணியாளர் இருப்பார், வேலை நடக்கும், ஆனால் சம்பளப் பட்டியலுக்கு அடிப்படையான ஆணை இருக்காது. ஒரு துறையில் பல மாவட்டங்களில் பரவியுள்ள 52 பணியிடங்களுக்கு டிசம்பர் 31 வரை அனுமதி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஜனவரிச் சம்பளம் தடையில்லாமல் வர வேண்டுமானால், அதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே துறைத் தலைமை அலுவலகத்தில் ஓர் உதவியாளர் இந்தக் கோப்பை எடுத்தாக வேண்டும்.

முதலில் போவது கடிதம். துறைத் தலைவர் அரசுச் செயலாளருக்குக் கருத்துரு அனுப்புகிறார். இடப்புறம் அனுப்புநர், வலப்புறம் பெறுநர், கீழே நடப்புக் கணக்கு எண் என்பதன் சுருக்கமான ந.க.எண், நாள், ‘ஐயா’ என்ற விளி, அதன் பின் பொருள், பார்வை. கீழிருந்து மேலே போகும் தாள் எதுவானாலும் கடிதமாகத்தான் போக வேண்டும். துறைத் தலைவர் அரசுக்குக் குறிப்பாணை அனுப்ப முடியாது. சார்நிலை அலுவலர் ஆட்சியருக்குச் சுற்றறிக்கை விடவும் முடியாது. துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இதே வடிவம்தான்: பொதுமக்கள், தேர்வாணையம், நீதிமன்றப் பதிவாளர், பிற மாநில அரசுகள் எல்லோருக்கும் கடிதம். தலைமைச் செயலகத்திலிருந்து கீழே வரும் கடிதத்தில் மட்டும் ஒரு வேறுபாடு இருக்கிறது. சார்புச் செயலாளர் கையொப்பமிட்டாலும் பெயருக்குக் கீழே ‘அரசுச் செயலாளருக்காக’ என்று இருக்கும். உள்ளே ‘தெரிவிக்கப் பணிக்கப்பட்டுள்ளேன்’ என்று முடியும். பேசுவது அவர் அல்ல, அரசு என்பதற்கான அடையாளம் அது.

கருத்துருவின் உயிர் ‘பார்வை’ என்ற வரிசையில் இருக்கிறது. பணியிடம் தோற்றுவிக்கப்பட்ட முதல் அரசாணை, கடைசியாக நீட்டித்த அரசாணை, மாவட்டங்களிலிருந்து பெற்ற விவர அறிக்கைகள் ஆகியவை காலவரிசையில் அங்கே நிற்க வேண்டும். ஒரு நீட்டிப்பு ஆணை இடையில் விடுபட்டால், செயலகப் பிரிவு கோப்பை நகர்த்தாமல் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போடும். அந்தக் கடிதம் வந்து, பதில் போய்ச் சேர ஒரு மாதம் போய்விடும். நீட்டிப்புக் கோப்புகள் தாமதமாவதற்கு நிதித் துறையைக் குறை சொல்வது வழக்கம். பாதித் தாமதம் பார்வை வரிசையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதுதான் உண்மை.

செயலகத்துக்குள் நுழைந்ததும் கடிதம் நின்றுவிடுகிறது. அங்கே ஒரு துறை இன்னொரு துறையின் கருத்தைக் கேட்பதற்குக் கோப்பையே அனுப்பி வைக்கும். அல்லது அலுவல் சார்பற்ற குறிப்பு எழுதும். பேச்சில் இதற்கு யு.ஓ. நோட் என்றுதான் பெயர். இதில் விளி இல்லை, ‘தங்கள் உண்மையுள்ள’ இல்லை. செயலகத் துறைகள் எல்லாம் சேர்ந்து ஒரே அரசு. அரசு தனக்குத்தானே கடிதம் எழுதிக்கொள்வதில்லை என்பது இதன் அடிப்படை. நிதித் துறை 52 பணியிடங்களையும் பார்த்துவிட்டு, அவற்றில் 6 இடங்கள் நெடுங்காலமாகக் காலியாக இருப்பது ஏன் என்று கேட்கும். கேள்வி துறைக்கு வரும், துறையிலிருந்து கடிதமாகத் துறைத் தலைவருக்குப் போகும், அவரிடமிருந்து மாவட்டங்களுக்கு இறங்கும். இப்படி ஏறி இறங்குவதற்குள் டிசம்பர் வந்துவிடும்.

நேர்முகக் கடிதத்துக்கு வேலை வருவது இந்த இடத்தில்தான். பேச்சில் டி.ஓ. லெட்டர். கோப்பு ஓர் அலுவலகத்தில் தேங்கி நிற்கிறது, நினைவூட்டுகள் தபாலோடு தபாலாகப் போய் அதே பிரிவில் அதே உதவியாளரின் மேசையில் சேர்கின்றன. அவற்றைத் தாண்டி, மேலே அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் கண்ணில் விஷயம் பட வேண்டும். நேர்முகக் கடிதம் பதவிக்கு எழுதப்படுவதில்லை, ஆளுக்கு எழுதப்படுகிறது. எழுதுபவரின் பெயரும் பதவியும் தாளின் இடப்புற மேல் மூலையில் இருக்கும். பெறுநரின் பெயரும் முகவரியும் கடிதத்தின் அடியில், இடப்புறம் வரும். நடை தன்மையில், ‘நான்’ என்று எழுதும் நடை. ‘அன்புள்ள திரு. … அவர்களுக்கு’ என்ற விளியையும் ‘தங்கள் அன்புள்ள’ என்ற முடிவையும் தட்டச்சு செய்யாமல் இடம் விட்டு, அதிகாரி தன் கையால் மையில் எழுதுவது மரபு. அந்த மை எழுத்தைப் பார்த்துத்தான் பெறுபவரின் நேர்முக உதவியாளர் அதைத் தபால் கட்டில் சேர்க்காமல் தனியே எடுத்து மேசையில் வைக்கிறார்.

கடிதத்தை வரைந்தது பெரும்பாலும் நினைவூட்டுகளை வரைந்த அதே உதவியாளர்தான் என்பது இரு பக்கத்துக்கும் தெரியும். இருந்தாலும் அது வேலை செய்கிறது. ஏனென்றால் பதில் சொல்லும் பொறுப்பு ஒரு பிரிவிலிருந்து ஒரு பெயருக்கு மாறிவிடுகிறது. ஆனால் அதன் வலிமைக்கு எல்லை உண்டு. ஏறக்குறையச் சம நிலையில் உள்ளவர்களுக்கு இடையே ஓடுவதற்கு உரியது அது. மத்தியச் செயலக நடைமுறைக் கையேடு, எழுதுபவர் பெறுபவரை விட ஒன்றிரண்டு படிகளுக்கு மேல் தாழ்ந்தவராக இருக்கக் கூடாது என்கிறது. இளநிலையில் உள்ள ஒருவர் செயலாளருக்கு ‘அன்புள்ள’ என்று தொடங்கினால் அது உரிமை மீறலாகத் தோன்றும். அவர் தன் துறைத் தலைவர் வழியாகத்தான் போக வேண்டும். மேலிருந்து கீழே வரும்போது இதே கடிதத்துக்கு வேறொரு பொருள் ஏறிவிடுகிறது. ஆட்சியர் ஒரு துறையின் மாவட்ட அலுவலருக்கு நேர்முகக் கடிதம் எழுதினால், அந்த அலுவலர் அதைப் பரிவாக எடுத்துக்கொள்வதில்லை, எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறார்.

நகல் இன்னொரு சிக்கல். நேர்முகக் கடிதத்தின் அடியில் மூன்று பேருக்கு நகல் போட்டால், ஆளுக்கு ஆள் பேசிய பேச்சு முறையீடாகிவிடும். பெறுபவர் பதிலும் அதற்கேற்ற இறுக்கத்தோடுதான் வரும். ஒரே பொருளுக்கு மூன்றாவது நேர்முகக் கடிதம் போகும்போது அது இன்னொரு நினைவூட்டு, அவ்வளவே. நல்ல அதிகாரிகள் இதை ஒரு கோப்புக்கு ஒரு முறைதான் கையில் எடுப்பார்கள். இது அந்தரங்கக் கடிதம் என்ற எண்ணமும் பிழையானது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதுவும் ஓர் ஆவணம்தான். உறையின் மேல் ‘மந்தணம்’ என்று எழுதிவிட்டதால் மட்டும் அதைத் தர மறுக்க முடியாது. சட்டத்தின் 8-ஆம் பிரிவில் சொல்லப்பட்ட விலக்கு ஏதாவது பொருந்த வேண்டும்.

நேர்முகக் கடிதம் போனது, பதிலும் வந்தது: ‘ஆணை விரைவில் வெளியிடப்படும்’. இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஜனவரிச் சம்பளப் பட்டியல் போட முடியுமா என்று கேட்டால், முடியாது. கருவூல அலுவலருக்குச் செயலாளரின் அன்பு ஒரு சான்றாவணம் ஆகாது. அவர் கேட்பது எண்ணும் நாளும் உள்ள அதிகாரம். நிலைமையைச் சமாளிக்க அரசு ஒரு நடுவழி வைத்திருக்கிறது. தொடர் நீட்டிப்பு ஆணை வரும் வரைக்கும், குறிப்பிட்ட ஓரிரு மாதங்களுக்கு மட்டும் சம்பளம் வழங்கலாம் என்று துறை ஒரு கடிதம் வெளியிடும். இதுதான் ஊதியக் கொடுப்பாணை; ஊழியர்கள் வாயில் பே ஆர்டர். வடிவத்தில் கடிதம்தான், ஆனால் அரசின் கடிதம், எண்ணும் கெடு நாளும் உள்ளது, கருவூலத்துக்கு நகல் போனது. ஆகவே பட்டியல் நிறைவேறும். இந்தக் கடிதத்தில் எழுதியுள்ள மாதத்தைத் தாண்டி ஒரு நாள் சம்பளம் கூட இதைக் காட்டிப் பெற முடியாது. மாதக் கடைசியில் ‘பே ஆர்டர் வந்துவிட்டதா’ என்று ஊழியர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது இதனால்தான்.

அடுத்து அரசாணை. நிதித் துறை ஒப்புக்கொண்டதும் வரைவு எழுதப்படுகிறது. மற்ற எல்லா வடிவங்களும் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது. அரசாணை மட்டும் அரசு முடிவெடுத்துவிட்டது என்ற அறிவிப்பு. அதன் அமைப்பிலும் இது தெரியும். தலைப்பில் அரசின் இலச்சினை, ‘சுருக்கம்’ என்ற சொல். அதற்குக் கீழே கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒரே தொடர்: துறை – பொருள் – தற்காலிகப் பணியிடங்கள் – தொடர் நீட்டிப்பு வழங்கி – ஆணை – வெளியிடப்படுகிறது. பிறகு துறையின் பெயர், அரசாணை எண், நாள், திருவள்ளுவர் ஆண்டு. அதன் பின் ‘படிக்கப்பட்டவை’ என்று முந்தைய ஆணைகளும் கருத்துருவும். ‘ஆணை’ என்ற தலைப்பின் கீழ் எண்ணிட்ட பத்திகள் வரும்: முதற்பத்தி முன்கதை, அடுத்தது துறைத் தலைவர் கேட்டது, அதற்கடுத்தது அரசு எடுத்த முடிவு, பிறகு செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் பற்று வைப்பது என்பது. நிதித் துறையின் ஒப்புதல் பெற்று வெளியிடப்படுகிறது என்ற கடைசிப் பத்தியில், அந்தத் துறையின் யு.ஓ. எண்ணும் நாளும் இருக்கும். செயலகத்துக்குள் மட்டும் ஓடிய அந்தக் குறிப்பு வெளியுலகத்துக்குத் தெரிவது இந்த ஒரு வரியில்தான். செலவு தொடர்பான அரசாணையைக் கையில் வாங்கும் கணக்கர் முதலில் கடைசிப் பத்தியைத்தான் பார்ப்பார். அந்த வரி இல்லை என்றால் பணம் வருமா என்ற ஐயம் அவருக்கு எழுந்துவிடும்.

எண்ணுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல்லும் கவனிக்க வேண்டியது. ‘நிலை’ என்று இருந்தால் அது எம்.எஸ். வரிசை, கொள்கை, விதி, பணியிடம் தோற்றுவித்தல் போன்று நிலையாக வைத்திருக்க வேண்டியவை. ‘வாலாயம்’ என்று இருந்தால் ஆர்.டி. வரிசை, வழக்கமான, சீக்கிரம் பயன் முடிந்துவிடும் ஆணைகள். இரண்டு வரிசைக்கும் ஆண்டுதோறும் தனித்தனியே 1-இலிருந்து எண் ஓடுவதால், ‘அரசாணை எண் 45’ என்று மட்டும் மேற்கோள் காட்டுவது பயனற்றது. துறை, வரிசை, எண், நாள் நான்கும் சேர்ந்தால்தான் ஓர் அரசாணைக்கு முகவரி. இதை விட்டுவிட்டு எழுதப்படும் மனுக்கள் தேடுதலிலேயே வாரங்களைத் தின்றுவிடுகின்றன.

அடியில் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்ற சொற்களும் செயலாளரின் பெயரும் வரும். அரசியலமைப்பின் 166-ஆம் கூறு, மாநில அரசின் நிர்வாக நடவடிக்கை எல்லாம் ஆளுநரின் பெயரால் வெளிப்பட வேண்டும் என்கிறது. அப்படி வெளிப்பட்டு முறைப்படி சான்றளிக்கப்பட்ட ஆணையை, அது ஆளுநர் பிறப்பித்தது அல்ல என்ற காரணத்தால் கேள்வி கேட்க முடியாது. இந்தச் சொற்கள் விடுபட்டாலே ஆணை செல்லாது போய்விடும் என்பதில்லை. ஆனால் அது அரசின் முடிவுதான் என்பதை அரசே வேறு சான்று காட்டி நிறுவ வேண்டி வரும். மாவட்டத்துக்கு வரும் பிரதிகளில் செயலாளரின் கையொப்பம் இருக்காது. அதற்குப் பதிலாக ‘ஆணைப்படி அனுப்பப்படுகிறது’ என்ற வரிக்குக் கீழே பிரிவு அலுவலர் கையொப்பமிட்டிருப்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இதைக் குறை என்று எண்ணிக் கோப்பைத் திருப்பி அனுப்புவதுண்டு. குறை ஒன்றும் இல்லை, அதுதான் முறை.

கோப்பில் எழுதிய குறிப்புக்கும் வெளியிட்ட ஆணைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து காட்டியது ஒரு பஞ்சாப் வழக்கு. பெப்சு மாநிலத்தில் பச்சித்தர் சிங் என்ற வருவாய்த் துறை அலுவலர் ஆவணத்தைத் திருத்திய குற்றத்துக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். மேல்முறையீட்டில் அந்த மாநில வருவாய் அமைச்சர், குற்றம் உறுதியானது என்றாலும் பணிநீக்கம் மிகக் கடுமையானது, பழைய கீழ்ப் பதவிக்கு இறக்கினால் போதும் என்று கோப்பில் எழுதினார். அது ஆணையாக வெளியிடப்படவில்லை, அவருக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று பெப்சு பஞ்சாபோடு இணைந்தது. கோப்பு புதிய அரசிடம் போனது, அங்கே முதலமைச்சர் பணிநீக்கத்தையே உறுதி செய்தார். அமைச்சர் எழுதியது தனக்குச் சாதகமான ஆணை என்று பச்சித்தர் சிங் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஆளுநரின் பெயரால் வெளிப்படுத்தி உரியவருக்குத் தெரிவிக்கும் வரை கோப்பில் உள்ளது வெறும் கருத்து, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று 1962-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘அமைச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டார்’ என்ற சேதியை நம்பி இனிப்பு வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அரசாணை எண் விழுந்த பிறகு வாங்குவது நல்லது.

பணி விதிகளைத் திருத்துவதென்றால் அரசாணை மட்டும் போதாது. அரசியலமைப்பின் 309-ஆம் கூறின் கீழ் உள்ள விதிகளுக்குத் திருத்தம் அறிவிக்கையாக வரையப்பட்டு அரசிதழில் வெளியாக வேண்டும். அதனால் அப்படிப்பட்ட அரசாணைகளில் அறிவிக்கை பின்னிணைப்பாக இருக்கும்.

அரசாணை துறைத் தலைவரிடம் வந்து சேர்ந்ததும் அது செயல்முறைகளாக உருமாறுகிறது. ‘… இயக்குநரின் செயல்முறைகள்’ என்ற தலைப்பு, அடுத்த வரியில் ‘முன்னிலை’ என்று அவர் பெயர், பிறகு ந.க.எண், பொருள், பார்வை, ஆணை. அரசு தன் அதிகாரத்தால் முடிவு செய்வது அரசாணை. சட்டமோ விதியோ அரசோ ஓர் அலுவலருக்குக் கொடுத்த அதிகாரத்தை அவர் பயன்படுத்தும்போது அது செயல்முறைகள். பணி நியமனம், மாறுதல், ஊதிய உயர்வு, தண்டனை, ஆட்சியரின் நில ஒப்படை எல்லாம் இந்த வடிவத்தில்தான் வரும். 52 பணியிடங்களில் எந்த மாவட்டத்துக்கு எத்தனை என்று பிரித்துக் கொடுப்பதும் அப்படித்தான். இதிலே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அரசாணையில் இல்லாததைச் செயல்முறைகள் சேர்க்கக் கூடாது. அரசு டிசம்பர் வரை நீட்டித்திருக்க, செயல்முறைகளில் தட்டச்சுப் பிழையால் அடுத்த மார்ச் என்று விழுந்தால், அந்த மூன்று மாதச் சம்பளம் தணிக்கைத் தடையாகத் திரும்பி வரும்.

பணியிடங்கள் நீண்டுவிட்டன, மாவட்ட அலுவலகங்கள் எல்லாம் ஒரே மாதிரி விவரம் அனுப்ப வேண்டும் என்றால் சுற்றறிக்கை. பலருக்கு ஒரே செய்தி, ஒரே நாளில், ஒரே படிவத்தில் போவது இது. நல்ல சுற்றறிக்கை இரண்டு பக்கத்துக்கு மேல் போவதில்லை. யார், எதை, எந்த நாளுக்குள், எந்தப் படிவத்தில் என்ற நான்கும் தெளிவாக இருந்தால் அதன் வேலை முடிந்தது. நடைமுறையில் பாதிச் சுற்றறிக்கைகள் முந்தைய சுற்றறிக்கையை முழுதாகத் திரும்பச் சொல்லிவிட்டு, புதிய கட்டளையைக் கடைசிப் பத்தியின் நடுவில் ஒளித்து வைக்கின்றன. கீழ் அலுவலகம் அதைப் பார்க்காமல் விடுவதில் வியப்பில்லை.

சுற்றறிக்கையின் எல்லை மிக முக்கியமானது. அது விதியை விளக்கலாம், விதி சொல்லாத இடைவெளியை நிரப்பலாம், ஆனால் விதியை மாற்ற முடியாது. ராஜஸ்தானைச் சேர்ந்த சந்த் ராம் சர்மாவின் வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைப் போட்டது: விதி மௌனமாக உள்ள இடத்தில் நிர்வாக அறிவுரை பேசலாம், விதி பேசும் இடத்தில் அது மறுத்துப் பேச முடியாது. விதியில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்று இருக்க, இயக்ககம் ஒரு சுற்றறிக்கையில் ‘பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களின் பெயர்களை மட்டும் அனுப்புக’ என்று எழுதினால், விடுபட்ட முதல் ஆள் உயர் நீதிமன்றம் போகும் நாளில் அந்தச் சுற்றறிக்கை விழுந்துவிடும். நோக்கம் நல்லதா என்ற கேள்வியே அங்கே எழாது. மாவட்ட அலுவலர்களுக்கு இது சங்கடமான நிலை. சுற்றறிக்கை தவறு என்று தெரிந்தால் அதைக் கிடப்பில் போடவும் முடியாது, பின்பற்றவும் முடியாது. விதியைச் சுட்டிக்காட்டி, தெளிவுரை கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கோப்பில் வைப்பதுதான் வழி.

எல்லா மாவட்டங்களும் விவரம் அனுப்பிவிட்டன, ஓர் அலுவலகம் மட்டும் மூன்று நினைவூட்டுக்குப் பிறகும் அனுப்பவில்லை. இப்போது குறிப்பாணை. ஊழியர்களுக்கு இந்த வடிவம்தான் மிகவும் பழக்கமானது. மெமோ என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் மாறும். இதில் விளி கிடையாது, மரியாதை முடிவு கிடையாது, முழுதும் படர்க்கை: ‘… அலுவலக உதவியாளர் திரு. … உரிய காலத்தில் விவரம் அனுப்பத் தவறியமைக்கு, இக்குறிப்பாணை கிடைத்த 7 நாட்களுக்குள் விளக்கம் அளிக்குமாறு கோரப்படுகிறது.’ பெறுநர் பெயர் அடியில். குறிப்பாணை மேலிருந்து கீழே மட்டும்தான் வரும். அதைப் பெற்றுக்கொண்ட நாளோடு கையொப்பம் வாங்கி அலுவலகப் படியில் சேர்த்தாக வேண்டும். அந்தக் கையொப்பம் இல்லாத குறிப்பாணை பின்னால் எதற்கும் உதவாது.

விளக்கம் கேட்கும் குறிப்பாணையும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் ஒன்றல்ல; இரண்டையும் குழப்பும் அலுவலகங்கள் நிறைய. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(அ) சிறு தண்டனைக்கு உரியது, 17(ஆ) பணிநீக்கம் வரை போகக்கூடிய பெருந்தண்டனைக்கு உரியது. 17(ஆ)வில் குற்றச்சாட்டுகள் தனித்தனியே வரையறுக்கப்பட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அடிப்படையான விவரம் இணைக்கப்பட வேண்டும், எழுத்துமூல எதிர்வாதத்துக்கும் விசாரணைக்கும் வாய்ப்புத் தர வேண்டும். மேலே சொன்ன ‘விவரம் அனுப்பத் தவறியமைக்கு’ என்ற சாதாரணக் குறிப்பாணையை அனுப்பி, விளக்கம் திருப்தியில்லை என்று எழுதி, அதன் மேலேயே ஊதிய உயர்வை நிறுத்தினால், மேல்முறையீட்டில் அது நிற்காது. விதி எண் குறிப்பிட்ட குறிப்பாணை முதலில் போயிருக்க வேண்டும். ‘நீர் வேண்டுமென்றே கடமையைப் புறக்கணித்தீர்’ என்று கேள்வி கேட்கும்போதே தீர்ப்பையும் எழுதிவிடும் குறிப்பாணைகள் இன்னொரு வகைத் தவறு. விளக்கம் வருவதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டார் என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு அந்த ஒரு சொல் போதும்.

சென்னையிலிருந்து தில்லிக்குப் போகும் அலுவலர் தடுமாறும் இடமும் இதுதான். அங்கே ஓ.எம். எனப்படும் அலுவலகக் குறிப்பாணை யாரையும் கண்டிக்க வந்ததல்ல. ஓர் அமைச்சகம் இன்னோர் அமைச்சகத்துக்கு எழுதும் அன்றாட வடிவம் அது. கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் போகும். அதுவும் படர்க்கைதான், விளியும் இல்லை. ‘கீழே கையொப்பமிட்டவர் தெரிவிக்கப் பணிக்கப்பட்டுள்ளார்’ என்று தொடங்கும். மாநில அரசுக்கு எழுதும்போது மட்டும் தில்லி கடிதத்துக்கு மாறிவிடும். மத்திய ஊழியர்களின் படி, விடுப்பு, முன்னுரிமை பற்றிய எத்தனையோ கொள்கைகள் இந்த எளிய தாளில்தான் வந்திருக்கின்றன. அவற்றிலே பெரியது 1990 ஆகஸ்ட் 13 நாளிட்டது. மண்டல் குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கியது ஒரு சட்டமல்ல, அரசிதழ் விதியும் அல்ல, ஓர் அலுவலகக் குறிப்பாணை. 1991 செப்டம்பர் 25 அன்று இன்னோர் அலுவலகக் குறிப்பாணை அதைத் திருத்தியது. இவ்வளவு பெரிய முடிவை இவ்வளவு சிறிய வடிவத்தில் செய்யலாமா என்ற கேள்வியும் இந்திரா சஹானி வழக்கில் எழுந்தது. 16(4)-ஆம் கூறு சொல்லும் ஏற்பாட்டை நிர்வாக ஆணையாலும் செய்யலாம், சட்டமன்றம் வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை என்று 1992-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு விடை சொன்னது. அரசியலமைப்பே இடம் கொடுத்திருந்ததால் வடிவம் தாங்கியது.

கடைசியாக, வடிவமே இல்லாத ஒரு வகை: வாய்மொழி ஆணை. தொலைபேசியில் வரும் கட்டளையும் இதில் அடங்கும். வாட்ஸ்அப்பில் வரும் இரண்டு வரியைத் தாளாக எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. எண்ணும் நாளும் ஏறாத அந்த வரியும் ஏறக்குறைய இதே இனம்தான். அனைத்திந்தியப் பணிகளின் 1968-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், மேலதிகாரியின் கட்டளை பொதுவாக எழுத்தில்தான் இருக்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாய்மொழியாகச் சொன்னால் உடனே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்கின்றன. கட்டளை பெற்றவரும் அந்த உறுதியைக் கேட்டுப் பெற வேண்டும். முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் முதலானோர் தொடுத்த வழக்கில் 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அரசு அலுவலர்கள் வாய்மொழிக் கட்டளைகளை வைத்துச் செயல்படக் கூடாது என்றது. மேலதிகாரியிடம் போய் ‘எழுத்தில் தாருங்கள்’ என்று கேட்பது எளிதல்ல. அலுவலகங்களில் இதற்கு வழக்கமான வழி ஒன்று உண்டு: சொன்னதைச் செய்துவிட்டு, அன்றைக்கே அறிக்கைக் கடிதம் ஒன்று அனுப்பி, அதன் பார்வை வரிசையில் ‘தங்களது தொலைபேசி அறிவுரை, நாள் …’ என்று எழுதிவிடுவது. அந்தக் கடிதத்தின் அலுவலகப் படியும் அனுப்புகைப் பதிவேட்டின் எண்ணும் கோப்பில் இருக்கும் வரை, ஆணை யாருடையது என்பதில் பின்னாளில் தகராறு வராது.